ஸாஜின் ஜோம்: கொரியாவில் முன்பின் தெரியாதவரிடம் போட்டோ எடுத்துத் தரச் சொல்வது

சியோலில் ஏதாவது ஓர் அரண்மனை வாசலில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டி, ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அதற்குக் கொரிய மொழி முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியமும் ஒரு நன்றியும் போதும். ஆனால் அந்த வாக்கியத்தின் கடைசி நான்கைந்து அசைகளில்தான் மரியாதை இருக்கிறது. அங்கே தவறினால் கேட்ட விஷயமே மாறிவிடும். வாக்கியம் இதுதான். போனில் குறித்து வைத்துக்கொண்டால், வாய் குழறும்போது காட்டவும் உதவும்.

```
저기요, 죄송한데 사진 좀 찍어 주시겠어요?
```

தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி: "ஜொகியோ, ஜ்வேஸோங்ஹந்தே ஸாஜின் ஜோம் ச்சிகொ ஜுஷிகெஸ்ஸொயோ?"

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு சின்ன ஏற்பாடு. 'ஓ' என்று எழுதியிருக்கும் இடத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள். 'ஒ' என்று குறிலாக எழுதியிருந்தால் உதட்டைக் குவிக்காமல், அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே நிற்கும் ஒலியாகச் சொல்லுங்கள். கொரிய மொழியில் இவை இரண்டு வெவ்வேறு உயிரெழுத்துகள். நெடில், குறில் என்று நீளத்தைப் பார்க்க வேண்டாம், உதட்டைப் பாருங்கள்.

தமிழ் வரிசையிலேயே வருகிறது

வாக்கியத்தின் நடுப்பகுதியைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் தமிழ் ஆளுக்குச் சிரிப்பு வரும். ஸாஜின் என்றால் போட்டோ. ஜோம் என்றால் கொஞ்சம். ச்சிகொ என்றால் எடுத்து. ஜுஷிகெஸ்ஸொயோ என்றால் தருவீங்களா. "போட்டோ கொஞ்சம் எடுத்துத் தருவீங்களா?" ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

அந்த 'கொஞ்சம்' கூடத் தமிழில் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று பஸ்ஸில் சொல்லும்போது எவ்வளவு தூரம் என்று யாரும் அளப்பதில்லை. கேட்பதன் கூர்மையை மழுக்கத்தான் அந்தச் சொல். ஜோம் என்பதும் சிறிதளவு என்ற பொருளுள்ள 'ஜோகும்' என்ற சொல்லின் சுருக்கம்தான், வேண்டுகோளில் மென்மைக்காக வருகிறது. பேச்சில் இதைப் பலர் அழுத்தி 'ச்சோம்' என்றே சொல்வார்கள். விட்டுவிட்டாலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாக்கியம் மொட்டையாக இருக்கும்.

ஸாஜின் என்பதற்குப் பின் 'ஐ' வேற்றுமை உருபுபோல ஒன்று வர வேண்டும். பேச்சில் அதை விட்டுவிடுவார்கள். நாமும் "போட்டோவை எடுங்க" என்று சொல்வதில்லை, "போட்டோ எடுங்க" என்றுதான் சொல்கிறோம்.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ள ஒற்றுமை 'எடுத்துத் தா' என்ற அமைப்பு. ச்சிக்தா என்பது போட்டோ பிடிப்பதைக் குறிக்கும் வினை. அதன் எச்ச வடிவம் ச்சிகொ. அதோடு 'கொடு, தா' என்ற பொருளுள்ள ஜுதா என்ற வினையைச் சேர்த்தால், ஒருவருக்காக இன்னொருவர் செய்யும் உதவி என்ற பொருள் வந்துவிடுகிறது. 'படிச்சுக் கொடு', 'வாங்கித் தா' என்று நாம் சொல்வதுபோலவேதான். இந்த 'தா' விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம். அங்கேதான் பெரும்பாலான குழப்பம் நடக்கிறது.

கடைசிச் சொல்லைத் திறந்து பார்த்தால்

ஜு, ஷி, கெஸ், ஸொயோ. 'தருவீங்களா' என்ற சொல்லில் எப்படி வேரும் எதிர்காலமும் மரியாதையும் கேள்வியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ அப்படித்தான் இங்கேயும். ஜு என்பது 'தரு'. ஷி என்பது செய்பவருக்கான மரியாதை. கெஸ் என்பது செய்யும் எண்ணம், ஏறக்குறைய நம் எதிர்கால 'வ்'. கடைசியில் வரும் யோ என்பது கேட்டுக்கொண்டிருப்பவருக்கான மரியாதை.

மரியாதை ஏன் இரண்டு முறை வருகிறது? கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சை நினைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். "நான் வந்தேனுங்க" என்று ஒருவர் சொல்லும்போது வந்தவர் அவரேதான். தனக்குத் தானே மரியாதை கொடுத்துக்கொள்ளவில்லை. அந்த 'ங்க' எதிரே நிற்பவருக்கு. "நாளைக்குங்க", "ஆமாங்க" என்று எதோடும் அது ஒட்டும். யோ இப்படித்தான். எதோடும் ஒட்டும், எப்போதும் கேட்பவருக்கானது. ஷி அப்படியல்ல. வினையைச் செய்பவர் மதிப்புக்குரியவராக இருந்தால் மட்டும் வரும். போட்டோ எடுத்துத் தரச் சொல்லும்போது செய்பவரும் நாம் சொல்வதைக் காதில் வாங்குபவரும் ஒரே ஆள்தான், அதனால் இரண்டும் வருகின்றன. நீங்கள் செய்யும் காரியத்தைப் பற்றிப் பேசும்போது யோ மட்டும் இருக்கும், ஷி இருக்கக் கூடாது. இருந்தால் உங்களுக்கு நீங்களே மாலை போட்டுக்கொண்ட மாதிரி.

தமிழில் இருந்து இங்கே இல்லாத ஒன்று கேள்வி 'ஆ'. கேள்வியைக் காட்ட யோ முடிவில் தனியாக எந்த எழுத்தும் கிடையாது. குரல் ஏற வேண்டும், அவ்வளவுதான். 'தருவீங்களா' என்பதில் 'ஆ' வேலையைப் பார்த்துக்கொள்வதால் நாம் பல நேரம் குரலை இறக்கியே முடிக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு 'ஸொயோ'வை இறக்கினால் கேட்பவர் ஒரு கணம் திகைப்பார். கடைசி யோவை மட்டும் மேலே தூக்குங்கள்.

எந்த முடிவு, எந்த அளவு

அதே 'ச்சிகொ' பின்னால் வேறு முடிவுகளையும் மாட்டலாம். 'ச்சிகொ ஜுஸேயோ' என்பது 'எடுத்துத் தாங்க'. பாடப் புத்தகத்தில் முதலில் வருவது இதுதான். மரியாதைக் குறைவு இல்லை, ஷி கூட உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆனால் இது கேள்வி அல்ல. கடையில் "ரெண்டு டீ தாங்க" என்பதுபோல. வழியில் போகிற ஒருவரை நிறுத்தி இப்படித் தொடங்கினால், மறுக்க அவருக்கு இடமே வைக்காத மாதிரி ஆகும். ஒத்துக்கொண்ட பின் இதுதான் சரியான வடிவம். "குத்துவாக்கில எடுங்க", "இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க" என்றெல்லாம் சொல்ல ஜுஸேயோதான் இயல்பு. அப்போதும் ஜுஷிகெஸ்ஸொயோ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் பேச்சு கனத்துவிடும்.

இன்னும் கொஞ்சம் தாழ்மையாகக் கேட்க, 'ஹோக்ஷி ஸாஜின் ஜோம் ச்சிகொ ஜுஷில் ஸு இஸ்ஸுஸேயோ?' என்பார்கள். "ஒருவேளை எடுத்துத் தர முடியுங்களா?" என்று பொருள். சியோல் தெருவில் இதுவும் நிறையக் கேட்கும். ஆனால் தொடக்கக்காரருக்கு நீளம் அதிகம். பாதியில் நாக்கு சிக்கினால் மரியாதைப் பகுதிதான் முதலில் உதிரும், ஏனென்றால் அது கடைசியில் இருக்கிறது. ஜுஷிகெஸ்ஸொயோ ஒன்றையே நன்றாகப் பழகிக்கொள்வது நல்லது.

தொடவே கூடாதது 'ச்சிகொ ஜ்வொ'. யோ இல்லாத வடிவம். நண்பர்களுக்குள்ளும் வீட்டுச் சின்னவர்களிடமும் சொல்வது. நாடகங்களில் காதலனும் காதலியும் இப்படித்தான் பேசுவார்கள் என்பதால் காதில் பழகியிருக்கும். முன்பின் தெரியாத பெரியவரிடம் சொன்னால் "ஏய், எடுத்துக் கொடு" என்பதுதான் அவர் காதில் விழும். அதோடு ஒரு யோவை மட்டும் ஒட்டி 'ஜ்வொயோ' என்றால் திட்டாகாது. ஆனால் ஷி இல்லாததால் வெடுக்கென்று இருக்கும்.

'நீங்க' வேண்டாம், 'அண்ணா' வேண்டாம்

அகராதியில் 'நீங்கள்' என்று தேடினால் 'தாங்ஷின்' என்ற சொல் கிடைக்கும். அதை மறந்துவிடுங்கள். கணவன் மனைவி பேச்சிலும் பாட்டிலும் விளம்பரத்திலும் வரும். தெருவில் முகம் தெரியாதவரைப் பார்த்துச் சொன்னால் சண்டைக்கு இழுக்கிற தொனி வந்துவிடும். கொரிய வாக்கியத்தில் 'நீங்க' என்று சொல்லவே தேவையில்லை. ஷி இருக்கும்போது யாரைச் சொல்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

நம் ஊரில் "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா" என்று உறவு சொல்லி அழைப்பது இயல்பு. கொரியாவிலும் உறவுச் சொற்கள் வெளியாட்களுக்குப் புழங்குகின்றன. ஆனால் எது யாரிடம் என்பதில் கண்ணிகள் நிறைய. பெண் அண்ணனை அழைக்கும் 'ஓப்பா'வைத் தெரியாத இளைஞனிடம் சொன்னால் கொஞ்சல் ஆகிவிடும். நடுவயதுப் பெண்ணை 'அஜும்மா' என்றால், "என்னைப் பார்த்தா அவ்வளவு வயசாவா தெரியுது?" என்று முகம் சுருங்கலாம்.

இந்தச் சிக்கல் எல்லாவற்றையும் தாண்டிப் போகத்தான் 'ஜொகியோ'. ஜொகி என்றால் அங்கே. அதோடு யோ. நேராகத் தமிழாக்கினால் "அங்கேங்க". பயனில் நம் "ஏங்க", "ஏனுங்க". வயது, ஆண், பெண் எதையும் தொடாமல் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவரை அழைக்கவும் இதேதான். அடுத்து வரும் 'ஜ்வேஸோங்ஹந்தே' என்பது "மன்னிச்சுக்கங்க, ஆனா..." என்று வாக்கியத்தைத் தொங்கவிடுவது. ஜொகியோ சொன்னவுடன் மடமடவென்று மீதியைக் கொட்டாமல், அவர் முகம் திரும்பும்வரை ஒரு நொடி நில்லுங்கள். இல்லையென்றால் முதல் பாதி அவருக்குக் கேட்டிருக்காது.

இருவரோ குடும்பமாகவோ இருந்தால் ஸாஜின் முன்னால் 'ஜொஹி' சேர்க்கலாம். "எங்க போட்டோ". கொரிய மொழியில் 'உரி' என்ற சொல் நாம், நாங்கள் இரண்டுக்கும் பொது. ஜொஹி அதன் பணிவான வடிவம், கேட்பவரை உள்ளே சேர்க்காது. தமிழில் நாம், நாங்கள் வேறுபாட்டோடு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஜொஹி என்றால் 'நாங்கள்' மட்டும்.

ச்சி என்ற ஒலி

முழு வாக்கியத்தில் பயிற்சி தேவைப்படுவது ச்சிகொ ஒன்றுக்குத்தான். கொரிய மொழியில் சகர ஜகர இனத்தில் மூன்று ஒலிகள் உண்டு: மெலிந்த ஜ, காற்று வெடிக்கும் ச்ஹ, காற்றே இல்லாமல் இறுகிய ச்ச. நமக்கு வேண்டியது மூன்றாவது. 'மச்சி' என்று சொல்லுங்கள். அதில் வரும் ச்சி கிட்டத்தட்ட அதே ஒலி. இப்போது 'மச்சிகொ' என்று சொல்லிப் பழகி, பிறகு 'ம' வை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் இரட்டை மெய் தமிழுக்குப் பழக்கமில்லை என்பதுதான் ஒரே தடை, ஒலி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் பாருங்கள். காற்று அடித்தால் அது இரண்டாவது ஒலி.

ச்சிகொவில் வரும் க 'தங்கம்' என்பதில் வரும் க. எழுத்தில் அந்த க முதல் அசையின் அடியில் ஒட்டியிருக்கும். சொல்லும்போது அடுத்த உயிரோடு சேர்ந்துவிடும். 'ச்சிக் ஒ' என்று இரண்டாக வெட்டிச் சொன்னால் காதுக்குச் சொல் பிடிபடாது. 'ஷி' என்பதை 'ஸி' ஆக்காதீர்கள், அந்த உயிருக்கு முன்னால் ஸகரம் ஷகரமாகத்தான் ஒலிக்கும்.

'தா' விட்டுப்போனால்

இப்போது குழப்பங்களுக்கு வருவோம். மூன்று வாக்கியங்கள் தொடக்கக்காரர் வாயில் அடிக்கடி இடம் மாறும்.

முதலாவது, ஜுதாவை விட்டுவிட்டு 'ஸாஜின் ச்சிகுஸேயோ' என்பது. "போட்டோ எடுங்க" என்று தமிழில் சொன்னாலே போதும் என்பதால் வரும் பிழை. கொரிய மொழியில் அதற்கு, "நீங்க உங்க போட்டோவை எடுத்துக்கங்க" என்று பொருள் போய்விடும். நீங்கள் அவருக்கு வழிவிடுகிறீர்கள் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு அவர் தன் போனை எடுப்பார். 'எனக்காக' என்ற பொருள் ஜுதாவில் மட்டும்தான் இருக்கிறது. (இந்தச் சொல்லில் வரும் 'கு' நம் குற்றியலுகரம். 'பாட்டு', 'காற்று' என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் உகரம்.)

இரண்டாவது, 'ஸாஜின் ச்சிகொதோ த்வேயோ?' இது "போட்டோ எடுக்கலாமா?" என்று அனுமதி கேட்பது. அருங்காட்சியகத்திலும் கடையிலும் தேவைப்படும் நல்ல வாக்கியம்தான். ஆனால் ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடை உடுத்தி நிற்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால், நீங்கள் அவரைப் படம் பிடிக்கக் கேட்கிறீர்கள் என்றே புரிந்துகொள்வார். ஒருவர் தயங்கிப் பின்வாங்கினால், அல்லது சட்டென்று முடியைச் சரிசெய்துகொண்டு நின்றால், நீங்கள் சொன்னது இந்த வாக்கியம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, 'ச்சிகொ துரில்க்காயோ?' இதற்கு, "நான் உங்களுக்கு எடுத்துத் தரட்டுங்களா?" என்று பொருள். இங்கே ஜுதா போய் துரிதா வந்திருக்கிறது. பெறுபவர் மதிப்புக்குரியவர் என்றால் 'கொடு' என்ற வினையே மாறிவிடும். ஈ, தா, கொடு என்ற மூன்றையும் வேண்டிக் கேட்பவரின் நிலையைப் பொறுத்துத் தொல்காப்பியம் பிரித்திருப்பது நினைவிருந்தால், இப்படி ஒரு பிரிவு நமக்கு அந்நியம் அல்ல. கொரிய மொழியில் அந்தப் பிரிவு இன்றும் தெருப் பேச்சில் உயிரோடு இருக்கிறது, அளவுகோல் மட்டும் பெறுபவர். செய்பவர் நீங்கள் என்பதால் ஷி இல்லை என்பதையும் கவனியுங்கள். ஜுஷிகெஸ்ஸொயோ சொல்ல வேண்டிய இடத்தில் துரில்க்காயோ சொன்னால், எதிரில் இருப்பவர் மகிழ்ச்சியோடு தன் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய் நிற்பார். பெரிய நஷ்டமில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு உங்கள் போனை நீட்டினால் போதும்.

கியொங்போக்குங் முற்றத்தில்

1395இல் கட்டப்பட்ட கியொங்போக்குங் அரண்மனையில், அரியணை மண்டபமான குன்ஜொங்ஜொன் முன் விரிந்த கல் முற்றம் இருக்கிறது. பின்னால் பூகாக் மலை. செவ்வாய்க்கிழமை அரண்மனை மூடியிருக்கும், மற்ற நாள் கூட்டம்தான். ஹான்போக் உடுத்தி வந்தால் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால், போட்டோ எடுப்பதற்கென்றே வருபவர்கள் ஏராளம். ஆகவே கேட்பதற்கு ஆள் கிடைப்பது சிரமமில்லை. நடந்துகொண்டிருப்பவரை நிறுத்துவதைவிட, இப்போதுதான் தன் மகளைப் படம் பிடித்து முடித்த அம்மாவைக் கேட்பது சுலபம். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார், கையில் கேமரா பழக்கமும் இருக்கிறது.

கேட்பதற்கு முன்பே கேமராவைத் திறந்து, போனைக் குத்தாகவோ கிடையாகவோ வேண்டியபடி பிடித்து, முன்பக்கக் கேமராவில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்குள் திரை பூட்டிக்கொண்டு, தமிழ் எழுத்துப் பலகையோடு அவர் கையில் நிற்பது அடிக்கடி நடக்கிற கதை. ஒரு கணவனும் மனைவியும் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"ஜொகியோ." அம்மா திரும்புகிறார். தலையை லேசாகத் தாழ்த்தி, "ஜ்வேஸோங்ஹந்தே, ஜொஹி ஸாஜின் ஜோம் ச்சிகொ ஜுஷிகெஸ்ஸொயோ?"

"நே, நே." அதாவது ஆமாம், சரி. இந்த 'நே' புதுக் காதுக்குப் பல நேரம் 'தே' என்று கேட்கும். சொல் தொடக்கத்து நகரத்தைக் கொரியர்கள் மூக்கொலி குறைத்துச் சொல்வதால் வருவது.

"கம்ஸாஹம்னிதா." முதல் நன்றியை இங்கேயே சொல்லிவிட்டு, போனை இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள். ஒரு கையால் கொடுப்பதானால் வலக்கை, இடக்கை அதன் முழங்கைப் பக்கமோ மணிக்கட்டுப் பக்கமோ தாங்கியிருக்கும். திரும்ப வாங்கும்போதும் அப்படியே. பெரியவர்களிடம் இடக்கையை மட்டும் நீட்டாமல் இருப்பது நமக்கும் வீட்டுப் பழக்கம்தான்.

இப்போது சில குறிப்புகள் சொல்லலாம், ஜுஸேயோ வடிவத்தில்.

```
여기 누르시면 돼요.
세로로 찍어 주세요.
뒤에 건물이 다 나오게 찍어 주세요.
한 장만 더 찍어 주시겠어요?
```

முதலாவது "யொகி நுருஷிம்யொன் த்வேயோ": இங்கே அழுத்தினால் போதுங்க. இரண்டாவது "ஸேரோரோ ச்சிகொ ஜுஸேயோ": குத்துவாக்கில் எடுங்க. கிடைவாக்கு வேண்டுமென்றால் 'காரோரோ'. மூன்றாவது "த்வியே கொன்முரி தா நாஓகே ச்சிகொ ஜுஸேயோ": பின்னால கட்டடம் முழுசா வர்ற மாதிரி எடுங்க. படத்தில் ஒன்று 'வருவது' என்று நாம் சொல்வதையே அவர்களும் சொல்கிறார்கள். நாஓதா என்றால் வெளியே வருவது. நான்காவது படம் எடுத்து முடித்த பிறகு தேவைப்படும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். குன்ஜொங்ஜொன்னின் இரட்டைக் கூரை முக்கியம் என்றால் மூன்றாவதை மட்டும் சொன்னால் போதும். முன்பின் தெரியாதவரை இயக்குநர் போல ஆட்டுவிப்பது எந்த மொழியிலும் அழகில்லை.

அம்மா எண்ணுவார்: "ஹனா, தூல், ஸேத்." ஒன்று, இரண்டு, மூன்று. கடைசி 'த்' வாய்க்குள்ளேயே நின்றுவிடும், ஆகவே 'ஸே' என்று மட்டும் கேட்டாலும் அதுதான் மூன்று. சிரிக்க வைக்க 'கிம்ச்சி' என்று சொல்லச் சொல்லலாம். இகரத்தில் உதடு விரியும் என்பதுதான் அதன் காரணம், சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை.

ஒரு நுட்பமான சிக்கல்: கொரியாவில் விற்கும் போன்களில் படம் எடுக்கும்போது சத்தம் வந்தாக வேண்டும் என்பது 2004 முதல் தொழில்துறைத் தரமாக இருக்கிறது, அதனால் அங்கே அந்தச் சத்தம் காதுக்குப் பழகியது. நீங்கள் சத்தத்தை அணைத்து வைத்திருந்தால், எடுபட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்துவார். கொடுக்கும் முன் சத்தத்தைப் போட்டுவிடுவது நல்லது.

எடுத்து முடித்ததும் "ஹ்வகினே போஸேயோ" என்று போனைத் திருப்பித் தருவார். "சரியா இருக்கான்னு பாருங்க." இதில் வரும் போஸேயோ 'பார்' என்ற வினை. 'செஞ்சு பாருங்க', 'சாப்பிட்டுப் பாருங்க' என்பதில் வரும் அதே துணை 'பார்'. உண்மையிலேயே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கண் மூடியிருந்தால் "ஹன் ஜாங்மன் தொ ச்சிகொ ஜுஷிகெஸ்ஸொயோ?" இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தருவீங்களா. இது புதிய வேண்டுகோள் என்பதால் மறுபடி ஜுஷிகெஸ்ஸொயோ. ஒரு முறை கேட்கலாம். இரண்டாம் முறை வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

நன்றியும் அதற்கு வரும் பதிலும்

நன்றாக வந்திருந்தால் "ஜால் நவஸ்ஸொயோ" என்று சொன்னால் எடுத்தவர் முகம் மலரும். நம் "நல்லா வந்திருக்குங்க" தான், அச்சு அசல். அதோடு "கம்ஸாஹம்னிதா". எழுத்தில் அங்கே ஒரு பகரம் இருக்கும். அடுத்து நகரம் வருவதால் மகரமாகிவிடுகிறது, ஆகவே 'ஹப்னிதா' என்று எழுத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். 'கோமப்ஸும்னிதா' என்றும் சொல்லலாம். முன்னது சீன எழுத்துவழி வந்த சொல், பின்னது தனிக் கொரியச் சொல். மரியாதையில் இரண்டும் குறைந்ததல்ல. தெரியாதவரிடம் தவிர்க்க வேண்டியது 'கோமவொ' என்ற யோ இல்லாத வடிவத்தை. யோ சேர்த்த 'கோமவொயோ' கூட உங்களைவிடப் பெரியவரிடம் கொஞ்சம் இலகுவாகப் போய்விடும்.

நன்றிக்கு அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் "அனியேயோ". சொல்லுக்குச் சொல் பார்த்தால் "இல்லைங்க". எதற்கோ மறுப்புச் சொல்கிறார் என்று மிரண்டுவிட வேண்டாம், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பதன் கொரிய வடிவம் அது. நன்றிக்குப் பதிலாகப் பாடப் புத்தகத்தில் வரும் 'சொன்மனேயோ' என்பதைத் தெருவில் அரிதாகவே கேட்பீர்கள்.

உண்மையான மறுப்பு வேறு மாதிரி இருக்கும். அது 'ஜ்வேஸோங்' என்று தொடங்கி, '...ஸொயோ' என்று தொங்கி முடியும். "ஜ்வேஸோங்ஹேயோ, பப்பாஸொயோ": மன்னிச்சுக்கங்க, அவசரமாப் போறதாலங்க. காரணத்தைச் சொல்லிவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுவதுதான் நாகரிகம், நாமும் "கொஞ்சம் அவசரங்க, அதனால..." என்று அங்கேயே நிறுத்துவோம். ஜ்வேஸோங் காதில் விழுந்தவுடன் போனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு "நே, கம்ஸாஹம்னிதா" என்று சொன்னால் போதும்.

எடுத்துக் கொடுத்த அம்மாவும் மகளும் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தால், இருவரும் சேர்ந்த படம் அவர்களிடம் இருக்க வாய்ப்பில்லை, யாராவது ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றிருப்பார். இப்போதுதான் அந்தத் துரில்க்காயோவுக்குச் சரியான இடம். கையை அவர்கள் போன் பக்கம் காட்டி, கடைசி யோவை ஏற்றி: "ச்சிகொ துரில்க்காயோ?"